தயிர்சாதம் சாப்பிடுகிற பையனுக்கு கிரியேட்டின் எதற்கு?

‘என் மகனுக்கு 22 வயது, எடை 60 கிலோ. நாங்கள் சுத்த சைவம், வீட்டில் முட்டைகூட கிடையாது. ஜிம்மில் எடை தூக்கப் போகிறவன், இரண்டு மாதமாக கிரியேட்டின் பவுடர் சாப்பிடுகிறான். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.4 என்று வந்திருக்கிறது. கிட்னி போய்விடும் என்று அவன் அப்பா டப்பாவையே தூக்கிப் போட்டுவிட்டார். பாலும் பருப்பும் போதாதா?’ - ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி.

முதலில், பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கிரியேட்டின் என்பது தசைக்குள் இருக்கும் பொருள். எடையைத் தூக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு உடனடி சக்தி கொடுப்பது அதுதான். அது சிதையும்போது உண்டாகும் கழிவுதான் கிரியாட்டினின். தசையில் சரக்கு கூடினால் கழிவும் கொஞ்சம் கூடும். எனவே, கிரியேட்டின் சாப்பிடுகிறவருக்கு இந்த ஓர் எண் மட்டும் சற்று ஏறியிருந்தால், அதை வைத்தே கிட்னி கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. பரிசோதனைக்கு முதல் நாள் கடுமையாக எடை தூக்கியிருந்தாலும் அது ஏறும்.

அதற்காக, அலட்சியமாகவும் விட வேண்டாம். பவுடர் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள். அதை இரண்டு, மூன்று வாரங்கள் நிறுத்தி, இரண்டு நாள் ஜிம்முக்கும் ஓய்வு கொடுத்து, மறுபடி ரத்தம் கொடுக்கட்டும். கூடவே சிறுநீரில் அல்புமின் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் ‘சிஸ்டாட்டின் சி’ என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. கிரியேட்டின் சாப்பிடுவதால் அதில் குழப்பம் வராது. இவை சரியாக இருந்தால், டாக்டரின் சம்மதத்தோடு மீண்டும் தொடங்கலாம். ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் தாங்களாக இதைத் தொடவே கூடாது.

அடுத்து, பாலும் பருப்பும் போதாதா என்ற கேள்வி. கிரியேட்டினைப் பொறுத்தவரை போதாது. பருப்பில் அது கிடையாது. பாலில் இருப்பது மிகமிகக் குறைவு. கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருந்தே கொஞ்சம் கிடைத்துவிடும். சைவர்களின் உடல் தானாகத் தயாரிக்கும் சுமார் ஒரு கிராமை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் அவர்களின் தசையில் இருப்பு பொதுவாகக் குறைவாக இருக்கிறது. தினமும் 3 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் எடுத்தால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் தசை நிறைந்துவிடும். முதல் வாரம் 20 கிராம் சாப்பிட வேண்டும் என்பது அவசரக்காரர்களின் வழி. வயிற்றைக் கலக்குவதும் அதுதான். எந்த வேளை என்பது முக்கியமில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிடலாம். கலக்கி வைத்துவிட்டு மறுநாள் குடிக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு கிலோ வரை எடை ஏறினால், அது பெரும்பாலும் தசைக்குள் சேர்ந்த தண்ணீர்.

ஆனால், கிரியேட்டின் புரதம் அல்ல. தசை வளர்வதற்கான புரதம் சாப்பாட்டில்தான் வர வேண்டும். எடை தூக்கும் 60 கிலோ பையனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 90 கிராம் தேவை. நம் வழக்கமான சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் நான்கு இட்லி, சாம்பார் - 10 கிராம். மதியம் சாதம், சாம்பார், பொரியல், கொஞ்சம் தயிர் - 16. இரண்டு வேளை காபிப் பால் - 6. இரவு மூன்று தோசை, சட்னி - 11. மொத்தம் 43தான். சாம்பார் இருக்கிறதே என்போம். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கிறது என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும்!

சாதத்தை நிறுத்த வேண்டாம். மதியம் சாம்பாருக்கு முன் 40 கிராம் துவரம்பருப்பை வேகவைத்து, கெட்டியாக நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடட்டும் - 9 கிராம். அரிசியில் குறைவாக உள்ள லைசினைப் பருப்பு ஈடுகட்டும்; பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி தரும். உடல் தானே கிரியேட்டின் தயாரிக்கவும் அந்த மெத்தியோனின் வேண்டும். தயிரை இன்னொரு 100 கிராம் கூட்டினால் 3. மாலையில் 60 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் - 12. இரவு தோசையோடு 100 கிராம் பனீர் பொடிமாஸ் - 18. படுக்கும் முன் ஒரு பெரிய டம்ளர் பால் - 8. இப்போது 93 வந்துவிட்டது.

சுண்டல் வயிற்றை உப்பவைத்தால் அளவைப் பாதியாக்கி, இரண்டு வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள். தூக்கிப் போட்ட டப்பாவை டாக்டர் பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். பருப்பைக் கெட்டியாக வைப்பதை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.