அடித்த பிறகு மிச்சம் என்ன?

சென்ற வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, படிவம் ஆறு படிக்கும் அவர் மகன் ஒரு கேள்வி கேட்டான்.

"சித்தி, 100 ரிங்கிட் சட்டை. முதல் நாள் நான்கில் ஒரு பங்கு கழிவு. மறுநாள், மீதி விலையில் ஒன்பதில் ஒரு பங்கு. அப்புறம் பதினாறில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று. முடிவே இல்லாமல் இப்படிக் குறைத்தால் விலை எங்கே போய் நிற்கும்?"

"தினமும் குறைத்தால் கடைசியில் இனாம்தானே?" என்றேன்.

"போட்டுப் பாருங்கள்" என்று சிரித்தான். போட்டேன். 75, 66.67, 62.50, 60. நான்கே நாளில் 40 ரிங்கிட் போய்விட்டது. ஆனால், வேகம் குறைந்துகொண்டே வந்தது.

காரணத்தை அவனே காட்டினான். ஒவ்வொரு நாளும் மிஞ்சுவது 3/4, 8/9, 15/16, 24/25. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து எழுதலாம்:

(1/2 × 3/2) × (2/3 × 4/3) × (3/4 × 5/4) × (4/5 × 6/5)

இதில் 3/2-ஐயும் 2/3-ஐயும் பெருக்கினால் 1, இரண்டையும் அடித்துவிடலாம். 4/3-உம் 3/4-உம் அப்படியே. 5/4-உம் 4/5-உம் அப்படியே. மிஞ்சுவது முதலில் உள்ள 1/2, கடைசியில் உள்ள 6/5. பெருக்கினால் 3/5, அதாவது 60 ரிங்கிட்.

எத்தனை நாள் நீட்டினாலும் தலையில் 1/2 இருக்கும். வால் மட்டும் மாறும். ஒன்பதாம் நாள் வால் 11/10, விலை 55 ரிங்கிட். தொண்ணூற்று ஒன்பதாம் நாள் 101/100, விலை 50.50. வால் 1-ஐ நெருங்க நெருங்க, விலை 50-ஐ நெருங்கும். ஆனால், எந்த நாளிலும் 50-ஐத் தொடாது.

"அப்படியானால் வாலைப் பார்க்காமலே பாதி என்று எழுதிவிடலாமே?" என்றேன்.

அவன் முகம் வாடியது. "அப்படி எழுதித்தான் சோதனையில் மதிப்பெண் போனது, சித்தி."

அந்தக் கேள்வியில் முதல் நாள் பாதி கழிவு, பிறகு மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. மிஞ்சுவது 1/2 × 2/3 × 3/4 × 4/5... முடிவே இல்லாத வரிசைதானே என்று இவன் கீழே உள்ள 2-ஐ மேலே உள்ள 2-ஓடு அடித்தான், 3-ஐ 3-ஓடு அடித்தான். எல்லாம் அடிபட்டு, மேலே 1 மட்டும் நின்றது. விடை 1 என்று எழுதிவிட்டான். அதாவது, சட்டை விலை குறையவே இல்லை, அதே 100 ரிங்கிட்! முதல் நாளே 50-க்கு இறங்கிய சட்டை எப்படி மறுபடி 100 ஆகும்?

நான்கு நாளோடு நிறுத்திப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். மிச்சம் 1/5, விலை 20 ரிங்கிட். தொண்ணூற்று ஒன்பது நாளோடு நிறுத்தினால் 1/100, விலை ஒரே ரிங்கிட். இங்கே வால் 1-ஐ நோக்கிப் போகவில்லை, பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. நான் சொன்ன இனாம் இந்தக் கடையில்தான்.

முதல் கணக்கில் வால் 1-ஐ நோக்கிப் போனதால், அதை மறந்தவனுக்கும் சரியான விடை வந்துவிடும். இரண்டாவதில் வால்தான் விடையே. அதனால், முதலில் ஓரிடத்தில் நிறுத்தி அடித்து, வாலில் நிற்பது என்ன என்று பார்க்க வேண்டும். முடிவில்லாமல் நீட்டுவது அதற்கப்புறம்தான்.