‘லைட்’ என்றால் கோழித்தூக்கமா?

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக 32 வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன் நான். மீட்டரில் ஓடிய யூனிட்டுக்கும், கதவு பூட்டியிருந்தால் பழைய கணக்கை வைத்துப் போடும் உத்தேச யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அதனால்தான் கையில் கட்டும் அந்த பேண்டின் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

விஷயம் என் மச்சானுடையது, என் வீட்டுக்காரியின் அண்ணன். வயது 71. வெளிநாட்டில் இருக்கும் மகன் போன தீபாவளிக்கு ஒரு பேண்டு அனுப்பியிருந்தான். அதற்குரிய செயலி போனில் இருக்கிறது, எல்லாம் இங்கிலீஷில். மச்சானுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை, அந்தக் காலத்துப் பி.யூ.சி. தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

ஒருநாள் காலையில் போன் செய்தார். "மாப்ளே, நான் தூங்குறதே இல்லையாம். ராத்திரி பூரா கோழித்தூக்கந்தான்னு போட்டிருக்கான்."

போய்ப் பார்த்தேன். முந்தின இரவு 10 மணிக்குப் படுத்து 4.40க்கு எழுந்திருக்கிறார். மொத்தம் 400 நிமிஷம். அதில் Light என்று 230, Deep என்று 48, REM என்று 82, Awake என்று 40. மச்சான் இதை எப்படி வாசித்தார் தெரியுமா? "லைட்னா லேசு. லேசான தூக்கம்னா கோழித்தூக்கம். உருப்படியாத் தூங்கினது 48 நிமிஷந்தான். 40 நிமிஷம் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கேன்."

இப்படி வாசித்தவரைக் குறை சொல்ல முடியுமா? அந்தச் சொல்லுக்கு அப்படித்தானே பொருள்?

ஆனால் தூக்க மருத்துவத்தில் அந்தச் சொல்லின் கதை வேறு. ஆஸ்பத்திரியில் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் கம்பி ஒட்டி, மூளையின் அலையைப் பதிவு செய்துதான் தூக்கத்தை நிலை நிலையாகப் பிரிக்கிறார்கள். கண் அயர்கிற முதல் நிலை சில நிமிஷம்தான். அதற்கு அடுத்த இரண்டாம் நிலைதான் எல்லா மனிதருக்கும் இரவின் பெரும்பகுதி, ஏறக்குறைய பாதி. மூளை அப்போது சும்மா இல்லை. பகலில் கற்றதை நினைவில் பதிய வைப்பதில் அந்த நிலைக்கும் பங்கு உண்டு. செயலிக்காரன் இந்த இரண்டு நிலைகளையும் சேர்த்துக் கட்டி Light என்று பெயர் வைத்துவிட்டான். மூன்றாம் நிலைதான் Deep. கண்மணி உருண்டு கனவு வருகிற நிலை REM.

மச்சான் தூங்கியது 360 நிமிஷம். அதில் Deep நூற்றுக்கு 13, REM நூற்றுக்கு 23. எழுபது தாண்டிய ஆணுக்கு இது நல்ல கணக்கு. வயது ஏற ஏற அந்த மூன்றாம் நிலை தானாகவே குறையும், நடுநடுவே விழிப்பதும் கூடும். 40 நிமிஷ விழிப்பு என்பது ஒரே மூச்சில் விழித்திருந்தது அல்ல. இரண்டு தடவை சிறுநீர் கழிக்கப் போனதும், புரண்டு படுத்தபோது வந்து போன சின்னச் சின்ன விழிப்புகளும் சேர்ந்தது. இதில் ஒன்றையாவது அந்தத் திரை சொன்னதா? இல்லை. அங்கே ஒரு சிவப்பு அம்பு போட்டிருந்தான்.

அந்த அம்பு செய்த வேலையைக் கேளுங்கள். அக்காவுக்கு எப்போதோ டாக்டர் எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் வீட்டில் மீதி இருந்தது. எங்களிடம் சொல்லாமல் மச்சான் முதலில் அரை மாத்திரை போட்டார். பிறகு முழு மாத்திரை. செயலியில் மொத்தத் தூக்கம் கூடியது, Light கூடியது, Deep இன்னும் குறைந்தது. அதைப் பார்த்துப் பயந்து, மாத்திரையை விடாமல் தொடர்ந்தார். ஆறாவது வாரம் விடியற்காலையில் பாத்ரூம் வாசலில் தள்ளாடி விழுந்தார். முழங்கையில் ஆறு தையல். இடுப்பு தப்பியது.

டாக்டர் விசாரித்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. அந்த இன மாத்திரைகள் தூங்க வைக்கும், ஆனால் மூன்றாம் நிலைத் தூக்கத்தைக் குறைத்து இரண்டாம் நிலையைக் கூட்டும், வயதானவர்களைத் தள்ளாட வைக்கும் என்றார். Deep குறைவு என்று பயந்து, Deepஐக் குறைக்கிற மருந்தைச் சாப்பிட்டிருக்கிறார் மனுஷன். சட்டென்று நிறுத்தவும் கூடாது என்று சொல்லி, அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து விடுவித்தார்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த 48 நிமிஷம் அளந்து வந்ததே இல்லை. பேண்டின் அடியில் பச்சை வெளிச்சம் இருக்கிறது, அது மணிக்கட்டில் ரத்தம் வந்து போவதைப் பார்த்து நாடியை எண்ணுகிறது. கை அசைவதைப் பார்க்க இன்னொரு பொறி. மூளையைத் தொடுகிற கம்பி எதுவும் கிடையாது. நாடியும் அசைவும் இப்படி இருந்தால் இந்த நிலையாக இருக்கலாம் என்று ஊகித்துப் போடுகிற கணக்கு. படுத்தது எப்போது, எழுந்தது எப்போது என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். எந்த நிலையில் எத்தனை நிமிஷம் என்பது பூட்டின வீட்டுக்குப் போடுகிற யூனிட் மாதிரிதான். நாங்கள் அப்படிப் போட்டால் அட்டையில் காரணத்தைக் குறித்துவிட்டு வருவோம். இவன் நிமிஷ சுத்தமாக 48 என்கிறான்.

நடையிலும் இதே கதை. 220இல் வயதைக் கழித்து, மச்சானின் உச்ச நாடி 149 என்று வைத்துக்கொள்கிறது செயலி. அதில் நூற்றுக்கு 70, அதாவது 104ஐத் தொட்டால்தான் Cardio. அதற்குக் கீழே Fat burn. மச்சானோ ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவர். நாடியை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அந்த மாத்திரையின் வேலை. எவ்வளவு வேகமாக நடந்தாலும் 90ஐத் தாண்டாது. மேலே போகவில்லையே என்று மூச்சிரைக்க நடந்து பார்த்திருக்கிறார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, உங்களுக்கு அந்த வேகம் போதும் என்றார் டாக்டர். Fat burn என்பதும் தொப்பை கரைகிறது என்ற அர்த்தம் இல்லையாம். அந்த வேகத்தில் உடம்பு எரிக்கும் எரிபொருளில் கொழுப்பின் பங்கு சற்று அதிகம், அவ்வளவுதான்.

"தமிழில் போட்டால் சரியாகிவிடும்" என்கிறான் என் பேரன். ஆகாது. வார்த்தைக்கு வார்த்தை ‘லேசான தூக்கம்’ என்று போட்டால் அதே கோழித்தூக்கம்தான். நம்மிடம் சொல்லா இல்லை? இரண்டாம் நிலையைப் ‘பொதுத்தூக்கம்’ என்று போடு. மூன்றாவதை ‘அயர்ந்த தூக்கம்’ என்று போடு, REMஐக் ‘கனவுத்தூக்கம்’ என்று போடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘உத்தேசம்’ என்று ஒரு வார்த்தை. இந்த வயதுக்கு வழக்கம் எவ்வளவு என்று அடியில் ஒரு வரி. நாடி பக்கத்தில் ‘நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்று ஒரு கேள்வி. இதற்கு என்ன பெரிய செலவு? பேண்டை விற்கிறவனுக்கு நம் கிழவன் கிழவிகளின் கை மட்டும் வேண்டும், வாய்மொழி வேண்டாம்.

மச்சான் பேண்டைக் கழற்றவில்லை, மகன் வாங்கிக் கொடுத்தது அல்லவா. தூக்கப் பக்கத்தை மட்டும் பேரனை விட்டு மறைத்துவிட்டோம். போன வாரம் போயிருந்தபோது, மத்தியானம் திண்ணையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுந்ததும், "எவ்ளோ நேரம் மாப்ளே தூங்கினேன்?" என்று என்னிடம்தான் கேட்டார்.