பெயர் தெரியாத நாலு பேருக்கு ஒரு வணக்கம்

செஞ்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்:

‘2025 ஜூலையில் எங்கள் ஊர்க் கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரைக் கோட்டைக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்ட நானும் தோழிகளும் ஆசைப்படுகிறோம். தொல்லியல் துறை, கலெக்டர் ஆபீஸ், சுற்றுலாத் துறை, பேரூராட்சி என்று நான்கு இடங்களுக்கு ஒரே மெயிலாக அனுப்பலாம் என்று உட்கார்ந்தோம். முதல் வரியிலேயே நின்றுவிட்டோம். அங்கே இருப்பவர்களின் பெயர் தெரியாது. ஆணா பெண்ணா, யார் பெரிய அதிகாரி என்றும் தெரியாது. ‘ஐயா’ என்று தொடங்கலாமா?’

வேண்டாம். ‘ஐயா’ என்று தொடங்கினால் நான்கில் ஓர் இடத்தில் பெண் அதிகாரி இருந்தாலும் அது தவறிவிடும். அவர் அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டார், படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அதனால்தான் இந்தத் தவறு எழுதுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

அப்படியானால் ‘ஐயா / அம்மா’ என்று கோடு போட்டு எழுதலாமா? அச்சடித்த படிவத்துக்கு அது சரி. பேனாவால் ஒன்றை அடித்துவிட்டுக் கொடுப்போம். மெயிலில் அடிக்க யாரும் இல்லை. ‘நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது’ என்பதைத்தான் அந்தக் கோடு முதல் வரியிலேயே சொல்கிறது.

இதற்கான சொல் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. ஏதாவது ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். ‘அன்புடையீர்’ என்று இருக்கும். அந்தப் பத்திரிகை தாய்மாமனுக்கும் போகிறது, ஆபீஸ் மேனேஜருக்கும் போகிறது, எதிர்வீட்டு டீச்சருக்கும் போகிறது. யார் பிரித்துப் படித்தாலும் அந்தச் சொல் பொருந்தும். பெயரும் மரியாதையும் உறவும் உறையின் மேல் இருக்கும். உள்ளே இருப்பது எல்லாருக்கும் பொது.

இது எப்படி நடக்கிறது? தமிழில் ‘அவன்’, ‘அவள்’ என்று மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசும்போதுதான் ஆண்பால், பெண்பால் வரும். எதிரே இருப்பவரிடம் பேசும் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ எதிலும் பால் கிடையாது. ‘அன்புடையீர்’ என்பதில் கடைசியில் நிற்கும் ‘ஈர்’ அந்த முன்னிலைக்கு உரியது. அது ஒருவரை மரியாதையாக அழைக்கவும் உதவும், பலரைச் சேர்த்து அழைக்கவும் உதவும்.

அலுவலகக் கடிதத்துக்கு ‘அன்புடையீர்’ கொஞ்சம் விழா வாசனை அடிக்கிறது என்று தோன்றினால், அதே வார்ப்பில் ‘மதிப்பிற்குரியீர்’ இருக்கிறது. அனுமதி கேட்கும் உங்கள் மெயிலுக்கு அதுதான் பொருத்தம். அடுத்த வரியில் ‘வணக்கம்’. காலையில் படித்தாலும் இரவில் படித்தாலும், கலெக்டர் படித்தாலும் எழுத்தர் படித்தாலும் வணக்கம் வணக்கம்தான்.

சிலர் மெயில் முகவரியைப் பார்த்துப் பெயரை ஊகிப்பார்கள். அதில் இரண்டு சிக்கல். ஒன்று, நம் ஊர்ப் பெயர்கள். மணி, ஜோதி, கிருபா எல்லாம் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. சில முகவரிகளில் இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரையும் போட்டிருப்பார்கள். நீங்கள் ‘திரு. முருகன் அவர்களுக்கு’ என்று எழுத, அது அந்த அம்மாளின் தகப்பனார் பெயராக இருக்கும்! இரண்டாவது, அரசு அலுவலக முகவரி பெரும்பாலும் பதவியின் பெயரில் இருக்கும். இன்று இருப்பவர் மாற்றலாகிப் போனால் நாளை வருபவர் அதே பெட்டியைத் திறப்பார். ஆகவே பதவியைச் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியர், சுற்றுலா அலுவலர், செயல் அலுவலர் என்று எல்லாம் ‘அர்’ என்றுதான் முடிகின்றன. அங்கேயும் ஆண், பெண் பிரச்னை இல்லை.

அடுத்தது, யார் பெரியவர் என்ற கவலை. கோட்டையைப் பராமரிப்பது மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறை. கலெக்டர் ஆபீஸும் பேரூராட்சியும் மாநில அரசின் பக்கம். இவர்களை ஒரே ஏணியில் நிற்க வைக்க முடியாது, நீங்கள் வைக்கவும் வேண்டாம். யார் காரியம் செய்ய வேண்டுமோ அவர்களை To வரியில் போடுங்கள்: அனுமதிக்குத் தொல்லியல் துறை, குடிநீருக்குப் பேரூராட்சி. தகவல் தெரிந்தால் போதும் என்பவர்களை Cc-யில் போடுங்கள். இந்த இரண்டு வரிகள்தான் உங்கள் மெயிலின் உறை. வரிசையெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டதால், வணக்கத்தில் யாரையும் முன்னே பின்னே நிறுத்த வேண்டியதில்லை.

பொது வணக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. நான்கு பேருக்குச் சேர்த்து எழுதினால், ‘மற்றவர் பதில் சொல்லிவிடுவார்’ என்று நான்கு பேரும் இருந்துவிடலாம். அதனால் வணக்கம் பொதுவாக இருக்கட்டும், முதல் பத்தியில் பொறுப்பைப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். உங்கள் மெயில் இப்படித் தொடங்கலாம்:

‘மதிப்பிற்குரியீர்,
வணக்கம். பள்ளி மாணவர்கள் 40 பேரைச் செஞ்சிக் கோட்டைக்கு, ராஜகிரி அடிவாரம் வரை அழைத்துச்செல்ல விரும்புகிறோம். இதற்குத் தொல்லியல் துறையின் அனுமதியையும், அன்று குடிநீர் ஏற்பாட்டுக்குப் பேரூராட்சியின் உதவியையும் வேண்டுகிறோம். ஆட்சியர் அலுவலகத்துக்கும் சுற்றுலா அலுவலகத்துக்கும் தகவலுக்காக அனுப்பியுள்ளோம்.’

பிறகு தேதி, நேரம், உடன் வரும் ஆசிரியர்கள், உங்கள் போன் நம்பர். அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வழிதான். ‘டியர் சார்ஸ்’ பெண்களை விட்டுவிடும். ‘டியர் ஆல்’ உடன் வேலை பார்ப்பவர்களுக்குச் சரி. முன்பின் தெரியாத அதிகாரிகளுக்குக் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டது போல இருக்கும். ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ சான்றிதழுக்கு உரியது, காரியம் கேட்கும் கடிதத்துக்குப் பொருந்தாது. ‘டியர் ஆபீசர்ஸ்’ என்று பதவியைச் சொல்லிவிட்டால் போதும்.

பிள்ளைகளின் பெற்றோருக்கும் மெயில் அனுப்புவீர்கள் அல்லவா? ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்க Bcc-யில் அனுப்புங்கள். அப்போது ‘அனைவருக்கும் வணக்கம்’ வேண்டாம். படிப்பவரின் திரையில் மற்றவர்கள் தெரிய மாட்டார்கள், ‘யார் அந்த அனைவரும்?’ என்று விழிப்பார். ‘அன்புடையீர்’ என்றால் அவருக்கே எழுதியது போல இருக்கும், எல்லாருக்கும் எழுதியதாகவும் இருக்கும்.

பொது வணக்கம் பொருந்தாத இடமும் இருக்கிறது. விழாவுக்கு அமைச்சரை அழைக்க நினைத்தால் ‘மாண்புமிகு’ என்பது அந்தப் பதவியோடு வருகிற அடைமொழி. அவரை இந்த நான்கு பேரோடு சேர்க்காமல் தனிக் கடிதம் எழுதிவிடுங்கள்.

பதில் வந்ததும் மெயிலின் அடியில் கையெழுத்தைப் பாருங்கள். அவர் தன் பெயரை எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே, எழுத்து மாறாமல், அடுத்த மெயிலில் எழுதுங்கள். அங்கேயும் ‘திரு’வா ‘திருமதி’யா என்று தெரியாவிட்டால், பெயரோடு ‘அவர்களுக்கு’ என்று சேர்த்தால் போதும். அதிலும் பால் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை.