ஸ்குவாட் அடிக்க ஓட்டச் சப்பாத்து என்னத்துக்கு?

யாழ்ப்பாணத்தில கன ஜிம்களில ஒரு விதி இருக்கிறது: விளையாட்டுச் சப்பாத்து இல்லாமல் உள்ளே வரக்கூடாது. விரலில தட்டு விழுந்தால் என்ன ஆகும் எண்டு யோசிச்சால் அந்த விதியில பிழை இல்லை. அதை விளங்கிக்கொள்ளுற விதத்திலதான் பிழை. பஞ்சு மாதிரித் தடிச்ச அடியுள்ள ஓட்டச் சப்பாத்தோட வாறவரை ஒருத்தரும் ஒண்டும் கேட்கிறேல்லை. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோட வாற பெடியனுக்கு மட்டும் "பள்ளிக்கூடத்துக்கோ வந்தனி?" எண்டு பகிடி. ஆனால் ஸ்குவாட் அடிக்கிற இடத்தில சரியான சப்பாத்துப் போட்டு நிக்கிறது அந்தப் பெடியன்தான்.

ஓட்டச் சப்பாத்தின்ர அடியில இருக்கிறது நுரை. ஓடேக்க ஒவ்வொரு காலும் நிலத்தில மோதுற விசை உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு. அது ஒரு கணத்துக்குத்தான். நுரை அமுங்கி அதிர்ச்சியை வாங்கி, கால் எழும்ப முதலே மீளுது. பண்ணை வீதியில ஓடுறவைக்கும் ட்ரெட்மில்லில நிக்கிறவைக்கும் அது நல்ல வேலைதான். அதில எங்களுக்குச் சண்டை இல்லை.

ஸ்குவாட்டில மோதல் எண்டு ஒண்டு இல்லை. 60 கிலோ எடையுள்ள ஒருத்தர் 80 கிலோ பாரைத் தோளில வைச்சால் மொத்தம் 140 கிலோ, ஒரு காலுக்கு 70. ஐந்து தரம் இருந்து எழும்ப அரை நிமிசம் மட்டில போகும். அவ்வளவு நேரமும் அந்த நுரை அமுங்கியே கிடக்கும், அதுவும் சமமாக அமுங்காது. எழும்பேக்க பாரம் கொஞ்சம் பெருவிரல் பக்கம் சாய்ஞ்சால் அந்தப் பக்க நுரை கூட அமுங்கும். அமுங்கினதால பாதம் இன்னும் உள்ளுக்குச் சாயும், முழங்காலும் அதோட உள்ளுக்கு வரும். "முழங்காலை வெளியால தள்ளு" எண்டு பயிற்றுநர் பின்னாலிருந்து கத்துவார். முழங்கால் என்ன செய்யும், கீழ நிலம் அசையுது!

கட்டியான அடியில இந்தச் சுற்று தொடங்காது. குதிக்கால், பெருவிரலின்ர அடி, சின்னவிரலின்ர அடி மூண்டும் நிலத்தை உணரும். பாரம் முன்னால போனால் உடனே தெரியும், திருத்தலாம். கால் தள்ளுற தள்ளு நுரையை நசுக்கிறதில போகாமல் நேர நிலத்துக்குப் போகும்.

இதுக்கு ஒரு மறுப்பு வரும். பளுதூக்குற வீரர்கள் குதி உயர்ந்த சப்பாத்துத்தானே போடுகினம், ஓட்டச் சப்பாத்திலயும் குதி உயரம்தானே? 2022 பொதுநலவாய விளையாட்டில 55 கிலோ பிரிவில எங்கட நாட்டு திலங்க இசுரு குமார மொத்தம் 225 கிலோ தூக்கி வெண்கலம் எடுத்தவர். அந்த விளையாட்டுக்கெண்டு செய்யிற சப்பாத்தில குதி ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் உயரம், உண்மைதான். ஆனால் அது மரம் அல்லது கட்டிப் பிளாஸ்ரிக். எவ்வளவு பாரம் வந்தாலும் அந்த உயரம் அப்படியே நிக்கும். ஓட்டச் சப்பாத்தின்ர உயரம் பாரம் ஏறின உடனே குறையத் தொடங்கும். கட்டியாக இருக்கிறதுதான் முதல் விசயம். தட்டையோ உயரமோ எண்டது அதுக்குப் பிறகு.

கணுக்கால் மடியாதவைக்கு உயர்ந்த குதி உதவும். கீழ இறங்கேக்க குதி நிலத்தை விட்டு எழும்புதெண்டால் அதுதான் அடையாளம். அப்படியான ஆக்களுக்குத் தட்டையான அடி மட்டும் காணாது. அவை குதிக்குக் கீழ ஒரு சின்னத் தட்டையோ பலகைத் துண்டையோ வைச்சுப் பழகலாம். அதையும் நுரைச் சப்பாத்துக்கு மேல செய்யக்கூடாது. அசையிறதுக்குக் கீழ இன்னொரு படி வைக்கிற வேலை அது.

சோதிக்கிறது சுகம். சப்பாத்தின்ர குதிப் பக்கத்தை இரண்டு பக்கமும் பெருவிரலால அமத்திப் பாருங்கோ. உள்ளுக்குப் போனால் அது ஓடுறதுக்கு. பிறகு பாரோட ஸ்குவாட் அடிக்கேக்க கூட்டாளியைப் பின்னால இருந்து, சப்பாத்து மட்டும் தெரியிற மாதிரி வீடியோ எடுக்கச் சொல்லுங்கோ. அடிப்பக்கச் சுவர் ஒரு பக்கம் பிதுங்கிறது அப்பட்டமாகத் தெரியும். வெறும் பாரோட பழகிறவைக்கு இந்த வித்தியாசம் பெரிசில்லை. பாரம் ஏற ஏறத்தான் இது கணக்கில வரும்.

இதுக்கு இறக்குமதிச் சப்பாத்துத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போட்ட கன்வஸ் சப்பாத்து, மெல்லிய றப்பர் அடியோட, கயிறு இறுக்கிக் கட்டக்கூடியதாக இருந்தால் காணும். செருப்பு வேண்டாம், அதில கால் வழுக்கும். அந்தக் கன்வஸோட ட்ரெட்மில்லில நெடுந்தூரம் ஓடவும் வேண்டாம், குதி நோகும். இரண்டும் செய்யிறவை ஓட்டச் சப்பாத்தோட வந்து, ஸ்குவாட்டுக்கு முதல் கழற்றி மாத்தட்டும்.

ஜிம் நடத்துற அண்ணாமாரே, விதியை எடுக்கச் சொல்லேல்லை. அந்தப் பலகையில இன்னொரு வரி எழுதுங்கோ: பாரம் தூக்கிற இடத்தில தட்டையான, கட்டியான அடியுள்ள சப்பாத்து. கன்வஸோட வாற பெடியனைப் பார்த்துச் சிரிக்கிறதை அண்டைக்கே நிப்பாட்டுங்கோ.