பட்டை செய்யும் உதவியும் செய்யாத உதவியும்

எங்கள் விடுதி உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு புல்-அப்கூட எடுக்க வராதவனிடம், "தடித்த ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு பதினைந்து முறை இழு, ஒருநாள் தானாக வந்துவிடும்" என்கிறது ஒன்று. "பட்டை என்பதே ஏமாற்று, நெகட்டிவ் மட்டும் செய்" என்கிறது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மையை முழு உண்மையாக விற்கின்றன என்பதே என் வாதம்.

பட்டை அதிகம் நீளும் இடத்தில்தான் அதிகம் உதவும். கைகள் முழுதும் நீண்டு தொங்கும் அடிநிலையில் அது நம்மைத் தூக்கி எறிகிறது. தாடை கம்பியை நெருங்கும்போது ஏறக்குறையக் கைவிட்டுவிடுகிறது. எனவே பட்டையோடு பதினைந்து எடுப்பவன், பட்டையை அவிழ்த்ததும் அடியிலிருந்து ஓர் அங்குலம்கூட எழ முடியாமல் தொங்குகிறான். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த இடத்தை அவன் பயிலவே இல்லை.

நெகட்டிவ் இக்குறையைத் தீர்க்கவல்லது. தூக்க இயலாத எடையையும் தசையால் தாங்கி இறக்க இயலும். நாற்காலியில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் நிறுத்தி, கால்களை விடுவித்து, மெல்ல இறங்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? மேற்பாதியை ஐந்து விநாடி எண்ணி இறங்குகிறோம். முழங்கை விரியத் தொடங்கியதும் பொத்தென்று விழுகிறோம். பட்டை திருடிய அதே பகுதியை நாமும் தவறவிடுகிறோம்!

நானும் இப்படியே இரண்டு மாதம் வீணடித்தேன். பிறகு எண்ணும் முறையை மாற்றினேன்: மேற்பாதிக்கு இரண்டு விநாடி, கீழ்ப்பாதிக்கு நான்கு. வாரம் மூன்று நாள். உடல் களைக்காத தொடக்கத்திலேயே மூன்று நெகட்டிவ், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நிமிட ஓய்வு. கீழ்ப்பாதியில் வேகம் பிடிபடாமல் போன கணமே அன்றைய நெகட்டிவ் முடிந்தது. அதன் பின்னரே பட்டை: ஐந்தைந்தாக மூன்று சுற்று, ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு விநாடி அசையாமல் நின்று, துள்ளாமல் இழுப்பது. மூன்று சுற்றிலும் ஐந்து சுத்தமாக வந்தால் அடுத்த மெல்லிய பட்டை. நெகட்டிவ் ஐந்தாகி, ஒவ்வொன்றும் பத்து விநாடி நீடித்த பத்தாவது வாரத்தில், பட்டையின்றி ஒன்று எழுந்தது.

ஓர் எச்சரிக்கை. இறக்கும் பயிற்சி தசையை அதிகம் நோகச் செய்யும். இரண்டு நாள் தசைவலி இயல்பு. முழங்கையின் உட்புற எலும்பருகே குத்தும் வலி இயல்பன்று; அது வந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், பொறுத்துக்கொண்டு தொடராதீர்கள்.

பட்டை ஏமாற்றுவதில்லை, தோழர்களே. எந்த இடத்தில் அது நமக்காக உழைக்கிறது என்று கேளாமல் எண்ணிக்கையை மட்டும் பதிவிடும் நாம்தான் ஏமாறுகிறோம்.