குட்டிக் கதை: மஞ்சள் பஸ் திரும்பி வரும்!

நிலாவுக்கு இரண்டரை வயசு. அவளிடம் ஒரு மஞ்சள் பஸ் இருந்தது.

லீவுக்கு அத்தையும் கவினும் வந்தார்கள். கவின் பஸ்ஸைத் தொட்டான்.

"என்னுது!" நிலா கத்தினாள். பஸ்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டி அதைப் பிடுங்கவில்லை. "நிலாவோட பஸ்தான். வாசப்படியிலேர்ந்து அந்தக் குடம் வரைக்கும் கவின் ஓட்டட்டும். திரும்ப உன்கிட்டயே வந்துடும்" என்றார். ('அப்புறம்' என்றால் குட்டீஸுக்குப் புரியாது. குடம் கண்ணுக்குத் தெரியுமே!)

டுர்ர்ர்... பஸ் போனது. நிலா உதட்டைப் பிதுக்கினாள்.

பஸ் குடத்தைத் தொட்டது. திரும்பியது. பாம் பாம்! நிலாவின் காலடியில் வந்து நின்றது.

அடுத்து நிலா ஓட்டினாள். போனாள், வந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள், கவினைப் பார்த்தாள். மெதுவாக அவன் பக்கம் தள்ளினாள்.

"ரைட்... ரைட்!"

பாப்பா பொம்மையை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.