சலுகைக் காலம் வட்டிக்கு இல்லை

கல்விக்கடன் எடுத்த நண்பர்களிடம் "இப்ப எவ்வளவு கடன்?" எண்டு கேட்டால், எடுத்த தொகையைத்தான் சொல்லுவார்கள். பன்னிரண்டு இலட்சம் எடுத்தவர் மூன்று வருடம் கழித்தும் பன்னிரண்டு இலட்சம் என்பார். "படிச்சு முடியும்வரை ஒண்டும் கட்டத் தேவையில்லை" எண்டு வங்கியில் சொல்லியிருப்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் 'கட்டத் தேவையில்லை' என்பதும் 'கூடாது' என்பதும் ஒன்றல்ல. 2020இல் கொரோனாக் கால கடன் சலுகையிலும் இந்தக் குழப்பம்தான் நடந்தது. தவணை நின்றது, வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். அரசின் வட்டியில்லாக் கல்விக்கடனில் வட்டியை அரசாங்கம் வங்கிக்குக் கட்டுகிறது. அந்தக் கடன் எடுத்தவர்கள் முன்கூட்டியே கட்டி எந்த இலாபமும் காணப்போவதில்லை. உரிய காலம் வரும்வரை காசைக் கையில் வைத்திருங்கள். நாங்கள் இங்கே பேசுவது வங்கியிடம் நேரடியாக வட்டிக்கு எடுக்கிற கடனைப் பற்றி. அதிலும் சில கடன்களில் முதலுக்கு மட்டும்தான் சலுகை, வட்டியை மாதாமாதம் கட்டியே ஆகவேண்டும். அங்கே முடிவெடுக்க எதுவும் இல்லை. வட்டியும் சேர்ந்து தள்ளிப்போகிற கடனில்தான் கேள்வி வருகிறது: படிக்கும்போதே அந்த வட்டியைக் கட்டுவதா, விடுவதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று வருடப் படிப்பு. ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 4 இலட்சம் ரூபா விடுவிக்கப்படுகிறது, மொத்தம் 12 இலட்சம். வட்டி வருடத்துக்கு 12 வீதம். படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்கும்.

ஒவ்வொரு 4 இலட்சத்துக்கும் மாதம் 4,000 ரூபா வட்டி. முதலாவது தொகை 42 மாதம் நிற்கிறது, இரண்டாவது 30 மாதம், மூன்றாவது 18 மாதம். தனிவட்டி என்றால் மொத்தம் 3,60,000 ரூபா. தவணை தொடங்கும் நாளில் இது முதலோடு சேர்க்கப்படும். அன்றைக்கு உங்கள் கடன் 15,60,000. ஐந்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபா. வட்டி சேராமல் 12 இலட்சமாகவே இருந்திருந்தால் 26,700தான் வந்திருக்கும். வித்தியாசம் மாதம் 8,000, ஐந்து வருடத்தில் 4,80,000. அதாவது 3,60,000 கட்டாமல் விட்டதற்குப் பின்னால் 4,80,000 கட்டுகிறோம்.

இதைப் பார்த்தவுடன் "அப்ப ஒவ்வொரு மாதமும் வட்டியைக் கட்டிவிடுவதுதான் சரி" எண்டு தோன்றும். பலரும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். நாங்கள் அதோடு முழுதாக உடன்படவில்லை.

தனிவட்டிக் கடனில், கட்டாமல் கிடக்கிற வட்டிக்கு வட்டி ஏறாது. முதலாம் மாத வட்டி 4,000 ரூபா 42ஆம் மாதத்திலும் அதே 4,000தான். அது குட்டி போடத் தொடங்குவது முதலோடு சேர்கிற அந்த ஒரு நாளில் இருந்து. ஆகவே அந்த நாளுக்கு முன் எப்போது கட்டினாலும் பலன் ஒன்றே. மாதாமாதம் வங்கிக்குக் கொடுப்பதை விட, அதே காசைச் சேமிப்பிலோ நிலையான வைப்பிலோ போட்டு வைத்து, தவணை தொடங்கமுதல் மொத்தமாகக் கட்டுவது மேல். வைப்பு வட்டி, 10 வீத வரி போனாலும், உங்களுக்குத்தான். இடையில் வீட்டில் யாருக்காவது வருத்தம் எண்டு வந்தால் அந்தக் காசு கையில் இருக்கும். வங்கிக்குக் கட்டிய வட்டியைத் திருப்பிக் கேட்க முடியாது.

வட்டி மாதாமாதம் முதலோடு சேர்கிற கடன் என்றால் கதை மாறும். மேலே சொன்ன அதே கடன் தவணை தொடங்கும்போது 16,25,000 ரூபாவாக நிற்கும். தவணை 36,000ஐத் தாண்டும். இங்கே ஒவ்வொரு மாதத் தாமதமும் காசு. இப்படியான கடனில் கையில் வருகிற சிறு தொகையையும் உடனே கட்டுவது நல்லது. கடன் வட்டியை விடக் கூடுதலாக வைப்பு வட்டி கிடைப்பது அரிது.

ஆகவே 'முன்கூட்டிக் கட்டலாமா' என்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி: வட்டி முதலோடு எப்போது சேருகிறது? ஒப்பந்தத்தில் தேடுங்கள், அல்லது கடன் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவும் தெளிவில்லை என்றால் முதல் வருடம் முடிகையில், இரண்டாவது தொகை வெளிவர முதல், கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 4 இலட்சத்துக்கு 12 வீதத்தில் 48,000 நிற்கிறது என்றால் தனிவட்டி. 50,700 அளவில் நிற்கிறது என்றால் மாதாமாதம் சேருகிறது. நாட்கணக்கில் சில ரூபாக்கள் கூடிக்குறையலாம்.

கட்டப்போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: நான் கட்டுகிற காசு வட்டிக்குப் போகுமா, முதலுக்குப் போகுமா? தனிவட்டிக் கடனில் முதலைக் குறைத்தால் அன்றிலிருந்தே வட்டி குறையும். ஆனால் வழக்கமாக வங்கி முதலில் வட்டியைத்தான் கழிக்கும்.

எல்லாரும் கட்டவேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 12 வீத வட்டியைக் குறைக்க அம்மாவின் சங்கிலியை அதைவிடக் கூடிய வட்டிக்கு அடகு வைப்பது கணக்குக்கு ஒத்துவராது. பகுதிநேர வேலைக்குப் போய்ப் பாடத்தில் ஒரு வருடம் பிந்துவதும் அப்படித்தான். அந்த ஒரு வருடத்துக்கும் 12 இலட்சத்துக்கு மாதம் 12,000 ரூபா வட்டி ஓடும்.

எங்கள் நாட்டில் இதற்கு மேலும் ஒரு ஆபத்து உண்டு. மாறும் வட்டி வீதத்தில் எடுத்த கடன்கள் பெரும்பாலும் மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் முதன்மைக் கடன் வீதத்தோடு கட்டப்பட்டவை. 2021 முடிவில் அது 9 வீதத்துக்குக் கீழே இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அந்த வருட முடிவில் முதன்மை வீதம் 27ஐத் தாண்டி நின்றது. தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது உடனே உறைத்தது. சலுகைக் காலத்தில் இருக்கிற மாணவருக்கு அப்படி உறைக்காது. அவர் எதையும் கட்டுவதில்லை, அதனால் எதுவும் மாறியதாகத் தெரியாது. வருடம் 30 வீதம் என்றால் 12 இலட்சத்துக்கு மாத வட்டி 30,000 ரூபா. அது சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் கடன் கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கவேண்டும் என்கிறோம்: 'தவணை தொடங்கும் நாளில் நீங்கள் தரவேண்டியது இத்தனை ரூபா, மாதத் தவணை இத்தனை ரூபா.' வீதம் மாறும்போதெல்லாம் அந்த வரியைத் திருத்தி மாணவருக்கும் பிணை நின்றவருக்கும் அனுப்பவேண்டும். வங்கியின் கணினியில் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. தவணை தவறினால் கிரிப் அறிக்கையில் பதியப்படுவது மாணவர் மட்டுமல்ல, பிணை நிற்கிற அப்பாவும் மாமாவும் மாட்டுப்படுவார்கள். 12 இலட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் 16 இலட்சத்துக்குப் பொறுப்பு எண்டு மூன்றரை வருடம் கழித்து அறியவேண்டிய நிலை நியாயமில்லை.

அந்த வரி வரும்வரை, வருடத்துக்கு இரண்டு தடவையாவது கிளைக்குப் போய் மொத்த நிலுவையைக் கேட்டு எழுதி வையுங்கோ.